பென்சிலில் எழுதிய "அம்மா வந்தார்"

வியாழக்கிழமைதோறும் காலை பத்து மணிக்கு எங்கள் மருத்துவமனையின் சின்ன அறை ஒன்றில் கணினி முன்னால் உட்கார்ந்துவிடுவேன். திரையின் அந்தப் பக்கம், எண்பது கிலோமீட்டர் தள்ளி, ஒரு கிராமத்துக் கிளினிக். அங்கே எங்கள் களப்பணியாளர் அக்கா ஒவ்வொருவராக உள்ளே கூப்பிட்டு, நாற்காலியில் உட்காரவைத்து, கேமராவைச் சரிசெய்வார். நான் பேசுவேன். மருந்துச் சீட்டு இங்கிருந்து போகும். முப்பது நாளைக்கான மாத்திரைகளை அங்கேயே எண்ணிக் கொடுப்பார்கள். கடைசியாக அக்கா பதிவேட்டில் ஒரு டிக் போடுவார். அந்த டிக் விழுந்தால் அவர் அந்த மாதம் ஃபாலோ-அப்புக்கு வந்துவிட்டார் என்று அர்த்தம்.

போன வருடம் இந்தப் பதிவேட்டை வைத்து ஒரு மனநல மருத்துவர் மாநாட்டுக்கு ஆய்வுச் சுருக்கம் அனுப்ப முடிவு செய்தேன். 250 சொற்களுக்குள் இருக்க வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியத்தில் முதல் வரைவை முடித்தும்விட்டேன். அதன் நடுநாயகமாக ஒரு வரி இருந்தது: "ஓராண்டுத் தொடர் சிகிச்சையின் முடிவில் 75 சதவீத நோயாளிகளிடம் முன்னேற்றம் காணப்பட்டது." அந்த வரியைச் சரிபார்க்கப் போய்த்தான் அடுத்த இரண்டு மாதங்கள் ஓடின. என்ன நடந்தது என்று விரிவாக எழுதுகிறேன். கிராமப்புற நோயாளிகளைக் காணொளி வழியே பார்த்துக்கொண்டிருக்கும் மருத்துவர்கள் இன்று நிறையப் பேர் இருக்கிறோம். மாநாட்டுக்கு எழுத உட்காரும்போது எல்லோரும் தடுக்கி விழும் இடம் அநேகமாக இதுதான்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கணக்கு எளிதாகப் புரிய வேண்டும் என்பதற்காக இங்கே எண்களை மாற்றி, முழு எண்களாக வைத்திருக்கிறேன். எங்கள் பதிவேட்டின் உண்மையான எண்கள் இவை அல்ல. கணக்கு போகும் வழி மட்டும் அதேதான்.

மனச்சிதைவு நோய், இருதுருவ மனநிலை நோய் இரண்டையும் மட்டும் எடுத்துக்கொண்டோம். முகாமில் நேரில் பார்த்து, நோயை உறுதிசெய்து, அதன்பின் காணொளி வழியே தொடர் சிகிச்சைக்குப் பதிவு செய்யப்பட்டவர்கள் 120 பேர். அளவுகோல் சிஜிஐ. நோயின் தீவிரத்துக்கு மருத்துவர் ஒன்று முதல் ஏழு வரை ஓர் எண் கொடுப்பார். ஒன்று என்றால் நோயில்லை. மூன்று என்றால் லேசாக. ஏழு என்றால் மிக மிகத் தீவிரம். கூட்டமான கிளினிக்கில் அரை நிமிடத்தில் போட்டுவிடலாம் என்பதால் எங்களுக்கு அதுதான் சாத்தியமாக இருந்தது. தொடக்கத்தில் எல்லோருக்கும் நான்கு அல்லது அதற்கு மேல். ஓராண்டு முடிவில் மூன்று அல்லது அதற்குக் கீழே வந்திருந்தால் முன்னேற்றம் என்று வைத்துக்கொண்டோம்.

ஓராண்டு முடிவில் சிஜிஐ போடப்பட்டவர்கள் 60 பேர். அவர்களில் 45 பேருக்கு மூன்றோ அதற்குக் கீழோ. நாற்பத்தைந்தை அறுபதால் வகுத்தால் 75 சதவீதம். வகுத்தல் சரிதான். நான் எழுதிய வாக்கியம்தான் தப்பு. ஏனென்றால் அந்த வரியைப் படிப்பவர் 120 பேரில் முக்கால்வாசி என்றுதான் புரிந்துகொள்வார்.

மீதி 60 பேர் எங்கே? பதிவேட்டை ஒவ்வொரு பக்கமாகப் புரட்ட ஆரம்பித்தேன். அப்போதுதான் டிக்குகளுக்குப் பக்கத்தில் பென்சிலில் பொடி எழுத்தில் அக்கா எழுதியிருந்த குறிப்புகள் கண்ணில் பட்டன. "அம்மா வந்தார்." "தம்பி வந்து மாத்திரை வாங்கினார்." "ஆள் களையெடுக்கப் போயாச்சு, வீட்டுக்காரர் வந்தார்." ஒரு பக்கத்தில் தொடர்ந்து ஐந்து மாதமும் ஒரே குறிப்பு: "அம்மா வந்தார்." ஐந்து மாதமும் டிக் விழுந்திருக்கிறது. ஐந்து மாதமும் நான் அந்த அம்மாவிடம் பேசியிருக்கிறேன். "நல்லாத் தூங்குறானா, சாப்பிடுறானா, தனியாப் பேசுறது குறைஞ்சிருக்கா" என்று கேட்டிருக்கிறேன். மருந்தும் எழுதிக் கொடுத்திருக்கிறேன். அந்தப் பையனை ஐந்து மாதமாக நான் பார்க்கவே இல்லை என்பது பதிவேட்டைத் தனியாக உட்கார்ந்து புரட்டியபோதுதான் உறைத்தது.

அக்காவைக் கூப்பிட்டுக் கேட்டேன். "மேடம், அவன் வரமாட்டேங்கிறான். டிவியில டாக்டர் என்னைப் பாக்குறாங்கன்னு பயப்படுறான். அம்மாவையும் திருப்பி அனுப்பிட்டா மாத்திரை நின்னுபோயிடும்ல" என்றார். அவர் சொன்னது நியாயம். தன்னைக் கண்காணிக்கிறார்கள் என்று நம்பும் நோயாளிக்குக் கேமரா என்பதே ஒரு தொந்தரவு. வீட்டில் இருப்பவர் வந்து மருந்து வாங்கிப்போவது நம் ஊர் புறநோயாளிப் பிரிவுகளில் என்றைக்கும் நடப்பதுதான், அதைத் தடுக்கவும் கூடாது. சிக்கல் ஆய்வில் வருகிறது. நோயாளியே திரைமுன் உட்கார்ந்த மாதமும், அம்மா மட்டும் வந்த மாதமும் ஒரே டிக்காக விழுந்தால், "ஃபாலோ-அப்" என்ற சொல் இரண்டு வேறு விஷயங்களைக் குறிக்கத் தொடங்கிவிடுகிறது. அம்மா வந்த மாதத்தில் மருந்து வீட்டுக்குப் போனது என்று சொல்லலாம். நோயாளி எப்படி இருக்கிறார் என்று சொல்ல முடியாது.

அதனால் முதல் வேலையாக வரையறையை எழுதினோம். பன்னிரண்டு மாதத்தின் கடைசி 90 நாளில் நோயாளியோ குடும்பத்தாரோ ஒரு முறையாவது ஆலோசனைக்கு வந்திருந்தால் "தொடர்பில் இருப்பவர்". அதே 90 நாளில் நோயாளியே திரைமுன்னோ நேரிலோ வந்து சிஜிஐ போடப்பட்டிருந்தால் "மதிப்பிடப்பட்டவர்". இப்படிப் பிரித்ததும் படம் மாறியது. தொடர்பில் இருந்தவர்கள் 72 பேர். அவர்களில் மதிப்பிடப்பட்டவர்கள் 60. மிச்சம் 12 பேருக்குக் குடும்பத்தார் மட்டுமே வந்துகொண்டிருந்தார்கள். தொடர்பே விட்டுப்போனவர்கள் 48.

இதில் இன்னொரு நுணுக்கமும் இருக்கிறது. இந்திய அரசு 2020 மார்ச் 25-ஆம் தேதி வெளியிட்ட தொலைமருத்துவ வழிகாட்டுதலின்படி, ஒரு நோயாளி அதே மருத்துவரை அதே நோய்க்காக நேரில் பார்த்து ஆறு மாதத்துக்குள் தொலைவழியே பேசினால்தான் அது தொடர் ஆலோசனை. ஆறு மாதம் தாண்டிவிட்டால் அது மறுபடி முதல் ஆலோசனைக் கணக்கில் வந்துவிடும். அதனால் நாங்கள் ஆறு மாதத்துக்கு ஒரு முறை அந்தக் கிராமத்துக்கே போய் முகாம் நடத்துகிறோம். அப்படியென்றால் எங்கள் நோயாளிகள் பெற்றது முழுக்கக் காணொளிச் சிகிச்சை அல்ல. நேரில், பிறகு காணொளி, மறுபடி நேரில் என்று கலந்து வந்த சிகிச்சை. முதல் வரைவில் இதைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. முறைகள் பகுதியில் "ஆறு மாதத்துக்கு ஒரு நேரடி முகாமுடன் கூடிய மாதாந்திரக் காணொளி ஆலோசனை" என்று சேர்த்தேன். ஆங்கிலத்தில் ஏழெட்டுச் சொல் செலவு. இது இல்லாவிட்டால், கேமரா மட்டுமே செய்த வேலை என்று படிப்பவர் நினைத்துக்கொள்வார். சுருக்கங்களைத் தேர்வு செய்யும் குழுவில் இருப்பவர் முதலில் கேட்கும் கேள்வியும் இதுவாகத்தான் இருக்கும்.

இப்போது அந்த 48 பேர். மாநாட்டுச் சுருக்கங்களில் இவர்களுக்கு வழக்கமாக ஒரே ஒரு சொல்தான் கிடைக்கும்: விடுபட்டவர்கள். பல நேரம் அதுவும் கிடைக்காது. ஆனால் தொலைநிலை மனநல சிகிச்சையைப் பற்றி எழுதும்போது இவர்கள்தான் செய்தியே. வீட்டுக்குப் பக்கத்திலேயே சிகிச்சை கிடைத்தால் நோயாளி பாதியில் விட்டுவிடமாட்டார் என்ற எண்ணத்தில்தான் இந்த ஏற்பாட்டையே தொடங்கினோம். சென்னையின் ஸ்கார்ஃப் என்ற மனநலத் தொண்டு நிறுவனம் 2010-இல் புதுக்கோட்டை மாவட்டத்தில் ஒரு பேருந்துக்குள்ளேயே காணொளி வசதியும் மருந்தகமும் வைத்து ஊர் ஊராக அனுப்பியதும் இந்த எண்ணத்தில்தான். அப்படியிருக்க, எத்தனை பேர் விட்டுப்போனார்கள், ஏன் போனார்கள் என்பதைச் சொல்லாமல் முன்னேற்றத்தை மட்டும் சொன்னால், முக்கியமான கேள்விக்கு நாம் பதிலே சொல்லவில்லை என்றுதான் ஆகும்.

தெரியாதவர்களை வைத்து முதலில் ஒரு கணக்கு போடலாம். அதற்கு எந்தப் புள்ளியியல் மென்பொருளும் வேண்டாம், ஒரு காகிதம் போதும். நாம் பார்க்காத அத்தனை பேருக்கும் முன்னேற்றமே இல்லை என்று வைத்துக்கொண்டால் 120-இல் 45, அதாவது 38 சதவீதம். பார்க்காத எல்லோரும் நன்றாக இருக்கிறார்கள் என்று வைத்துக்கொண்டால், இறந்துவிட்டதாகப் பின்னால் தெரியவந்த 3 பேரைக் கழித்துவிட்டு, 120-இல் 102. அதாவது 85 சதவீதம். உண்மை இந்த 38-க்கும் 85-க்கும் நடுவில் எங்கேயோ இருக்கிறது. இவ்வளவு அகலமான இடைவெளியில் நின்றுகொண்டு நான் "75" என்று அடித்துச் சொல்லியிருந்தேன். அந்தக் காகிதத்தைப் பார்த்தபோது எனக்கு உண்மையிலேயே பயமாக இருந்தது. இதே வரி மேடையில் ஏறியிருந்தால், அதை நம்பி யாராவது இன்னொரு தாலுகாவில் நேரடிக் கிளினிக்கை மூடிவிட்டுத் திரையை மட்டும் வைத்திருக்கக்கூடும்.

இடைவெளியைச் சுருக்க ஒரே வழி, போய்த் தேடுவது. அக்காவும் இன்னொரு பணியாளரும் 48 பேருக்கும் போன் செய்தார்கள். போன் எடுக்காதவர்களின் வீட்டுக்குப் போனார்கள். ஐந்து வாரம் ஆனது. போகும்போது என்ன சொல்லிக்கொண்டு போவது என்பதை முதலிலேயே பேசி முடிவு செய்தோம். "மனநல ஆஸ்பத்திரியிலிருந்து வந்திருக்கோம்" என்று தெருவில் நின்று சொன்னால், அந்த வீட்டுப் பெண்ணுக்கு வரன் பேசிக்கொண்டிருப்பவர்கள் காதில் விழும். கிளினிக்கிலிருந்து என்று மட்டும் சொல்லிவிட்டு, வீட்டுக்குள் போய் உட்கார்ந்த பிறகுதான் விஷயத்தைப் பேசினார்கள்.

கிடைத்த பதில்கள் இப்படி. 14 பேர் அரசு மருத்துவமனையில் மாவட்ட மனநலத் திட்டத்தின்கீழ் மருந்து வாங்கிக்கொண்டிருந்தார்கள். 9 பேர் திருப்பூருக்கும் கேரளத்துக்கும் வேலைக்குப் போய்விட்டார்கள். 12 பேர் மருந்தை நிறுத்திவிட்டு வீட்டிலேயே இருந்தார்கள். 3 பேர் இறந்திருந்தார்கள். 10 பேரைக் கண்டுபிடிக்கவே முடியவில்லை.

இந்தப் பட்டியலை அப்படியே "விடுபட்டவர்கள் 48" என்று ஒரே சாக்கில் கட்டியிருந்தால் எவ்வளவு பெரிய தப்பாகியிருக்கும் என்று பாருங்கள். அரசு மருத்துவமனைக்கு மாறிய 14 பேர் சிகிச்சையை விடவில்லை, எங்களைத்தான் விட்டார்கள். அவர்களில் ஒருவர் அக்காவிடம் சொன்னது: "இங்க வந்தா அரை நாள் கூலி போகுது. அங்க சந்தைக்குப் போற நாள்ல வாங்கிட்டு வந்துடுவேன்." அது அவருக்கு நல்ல முடிவு. வேலைக்குப் போன 9 பேரில் சிலர் குணமானதால்தான் வேலைக்கே போனார்கள். சிலர் நோயோடு போயிருக்கிறார்கள், மருந்து எடுக்கிறார்களா என்று வீட்டாருக்கே தெரியவில்லை. மருந்தை நிறுத்திய 12 பேர்தான் நாங்கள் உடனே கவலைப்பட வேண்டியவர்கள். ஒரே எண்ணுக்குள் நல்லது, கெட்டது, தெரியாதது மூன்றும் கலந்து கிடந்தன.

அதனால் சுருக்கத்தின் முதன்மை முடிவையே மாற்றினேன். ஓராண்டு முடிவில் எங்காவது சிகிச்சையில் இருப்பவர்கள் எத்தனை பேர் என்பதை முன்னால் வைத்தேன். எங்களிடம் 72, அரசு மருத்துவமனையில் 14, ஆக 86. 120-இல் 72 சதவீதம். சிஜிஐ முன்னேற்றம் அடுத்த வரிக்குப் போனது. முடிவுகளைப் பார்த்த பிறகு முதன்மை முடிவை மாற்றுவது சரியா என்று எங்கள் மூத்த மருத்துவர் கேட்டார். நியாயமான கேள்வி. நமக்குச் சாதகமான எண்ணைத் தேடிப் பிடித்து முன்னால் நிறுத்தும் கெட்ட பழக்கம் இப்படித்தான் தொடங்குகிறது. "சார், இது பதிவேட்டிலிருந்து பின்னோக்கிப் பார்க்கும் ஆய்வு, முன்கூட்டியே எழுதிய திட்டம் எதுவும் கிடையாது. அதையும் சுருக்கத்திலேயே சொல்லிவிடுகிறேன்" என்றேன். அப்படியே எழுதினேன். எந்த எண்ணையும் ஒளிக்காமல் இரண்டையும் கொடுத்தேன்.

மதிப்பிடப்பட்ட 60 பேரும் மதிப்பிடப்படாத 60 பேரும் தொடக்கத்தில் ஒரே மாதிரியானவர்கள்தானா என்றும் பார்க்க வேண்டியிருந்தது. இதற்குப் புதிதாக எந்தத் தகவலும் தேவையில்லை, முதல் நாள் பதிவே போதும். சிஜிஐ ஐந்துக்கு மேல் இருந்தவர்கள் முதல் குழுவில் 24, இரண்டாவது குழுவில் 36. அதாவது நாம் கடைசியில் பார்க்காமல்விட்டவர்கள் தொடக்கத்திலேயே அதிகம் நோயுற்றிருந்தவர்கள். சாய்வு எந்தப் பக்கம் என்று இது காட்டிவிடுகிறது. உண்மையான எண் 75-ஐவிடக் குறைவாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். இந்த ஒரு ஒப்பீட்டைப் போட எனக்குப் பத்து நிமிடம் ஆனது. யார் சுருக்கம் எழுதினாலும் இதை மட்டுமாவது செய்துவிடுங்கள் என்று சொல்வேன்.

சிஜிஐ எண்ணையே எவ்வளவு நம்பலாம் என்பது அடுத்த கேள்வி. இதில் ஒரு வியாழக்கிழமை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஐம்பது வயதுக்காரர் ஒருவர், திரையில். "எப்படி இருக்கீங்க ஐயா?" என்று கேட்டேன். அசையாமல் பார்த்துக்கொண்டே இருந்தார். மூன்று நொடி கழித்து, "இருக்கேன்மா." அடுத்த கேள்வி. மறுபடியும் அதே மௌனம், முகத்தில் ஓர் அசைவும் இல்லை, பிறகு ஒரு சொல். போன மாதத்தைவிட மந்தமாகிவிட்டார், மருந்தின் அளவு அதிகமோ, மனச்சோர்வோ என்று எண்ணிக்கொண்டே ஐந்து என்று எழுதப் போனேன். பக்கத்திலிருந்து அக்காவின் குரல் வந்தது: "மேடம், அவர் உடனுக்குடன் பதில் சொல்றார். இங்க லைன்தான் லேட்டா போகுது. படமும் நிக்குது போல." போனில் கூப்பிட்டுப் பேசினேன். சாதாரணமாக, வேகமாகவே பேசினார். ஆடு விற்ற கதையெல்லாம் சொன்னார்.

செயல் மந்தம், முகபாவம் குறைதல், பதில் சொல்ல எடுக்கும் நேரம் ஆகியவை மனநோயின் தீவிரத்தைச் சொல்லும் முக்கியமான அடையாளங்கள். மோசமான இணைய இணைப்பு அத்தனையையும் அப்படியே நடித்துக் காட்டிவிடும். கை கால் இறுக்கம் இன்னொன்று. மனச்சிதைவு மருந்துகளால் வரும் அந்த இறுக்கத்தை முழங்கையைப் பிடித்து மடக்கிப் பார்த்துத்தான் அறிய முடியும், திரையில் முடியாது. அன்றிலிருந்து பேசத் தொடங்கும் முன்னால் அக்காவை ஒன்று முதல் ஐந்து வரை விரல் நீட்டி எண்ணச் சொல்வேன். விரலும் குரலும் சேர்ந்து வரவில்லை என்றால் அன்றைக்கு சிஜிஐ போடமாட்டேன். அடுத்த வாரம் போடுவேன்.

சுருக்கத்துக்கு இதில் என்ன வேலை என்றால், தொடக்க எண் எல்லோருக்கும் முகாமில் நேரில் போடப்பட்டது. ஓராண்டு எண் 41 பேருக்கு நேரில், 19 பேருக்குத் திரையில். நேரில் ஐந்து, திரையில் மூன்று என்றால் குறைந்தது நோயா, நம் பார்வையா? இதற்கு என்னிடம் விடை இல்லை. ஆனால் எத்தனை பேருக்கு எந்த வழியில் போடப்பட்டது என்று சொல்லிவிடலாம், நேரில் பார்த்த 41 பேரின் முடிவைத் தனியாகவும் கொடுக்கலாம். அவர்களில் 30 பேருக்கு முன்னேற்றம், 73 சதவீதம். திரையில் பார்த்தவர்களில் 15 பேருக்கு, 79 சதவீதம். பெரிய வித்தியாசம் இல்லை. இருபது பேர்கூட இல்லாத குழுவை வைத்து இதற்கு மேல் எதையும் பேசக்கூடாது.

அடுத்ததாக முடிவுரை. முதல் வரைவில் "கிராமப்புற நோயாளிகளுக்குத் தொலைநிலை மனநல சிகிச்சை பயனுள்ளது என்று இந்த ஆய்வு நிறுவுகிறது" என்று எழுதியிருந்தேன். எங்களிடம் ஒப்பிட வேறு குழுவே கிடையாது. அதோடு, முகாமுக்கு ஒருவரை எப்போது கூட்டி வருகிறார்கள் என்று யோசித்துப் பாருங்கள். ராத்திரியெல்லாம் தூங்காமல் கத்தி, பக்கத்து வீட்டுக்காரர் சண்டைக்கு வந்து, இனி முடியாது என்ற நிலைமையில்தான் வருகிறார்கள். நோய் ஏறியிறங்கும் தன்மை உடையது. உச்சியில் பிடித்து அளந்தால், அடுத்த முறை அளக்கும்போது ஓரளவு இறங்கித்தான் இருக்கும், நாம் ஒன்றுமே செய்யாவிட்டாலும். அதற்கு மேல், இவர்களில் பலருக்கு ஒழுங்காக மருந்து கிடைத்ததே இதுதான் முதல் முறை. இறக்கத்தில் எவ்வளவு மருந்தால் வந்தது, எவ்வளவு அக்கா வீட்டுக்கு நடந்ததால் வந்தது, திரையில் நான் பேசியதற்கு அதில் பங்கு எவ்வளவு என்று இந்தப் பதிவேட்டிலிருந்து பிரித்தெடுக்க முடியாது. "நிறுவுகிறது" என்ற சொல்லை எடுத்துவிட்டேன். நேரடிச் சிகிச்சைக்கு இணையானது என்ற வரியும் போனது. இணை என்று சொல்ல இரண்டு குழுக்கள் வேண்டும், எவ்வளவு வித்தியாசம் வரை பரவாயில்லை என்ற எல்லையையும் முன்னாலேயே வகுத்திருக்க வேண்டும். இரண்டும் எங்களிடம் இல்லை.

சொற்களின் ஒதுக்கீட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். முதல் வரைவில் பின்னணிக்கு மட்டும் நூறு சொல்லுக்கு மேல் போயிருந்தது. நாட்டில் மனநல மருத்துவர்கள் எவ்வளவு குறைவு, கிராமங்கள் எவ்வளவு தூரம் என்றெல்லாம். மாநாட்டுக்கு வருகிற மனநல மருத்துவருக்கு அது தெரியாதா என்ன? இரண்டு வரியாக வெட்டினேன். முடிவுகளுக்கு அந்த இடம் கிடைத்தது. "கிராமப்புறம்" என்ற சொல்லுக்கும் பொருள் சொல்ல வேண்டியிருந்தது. தமிழ்நாட்டில் ஊராட்சி என்று பெயர் இருந்தாலும் பஸ் ஏறினால் இருபது நிமிடத்தில் மருத்துவக் கல்லூரிக்குப் போய்விடும் ஊர்கள் நிறைய. ஆகவே, மிக அருகில் உள்ள மனநல மருத்துவரிடம் போக ஒரு வழிக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிறவர்கள் என்று எழுதினோம்.

நெறிமுறைக் குழு விஷயத்திலும் ஒரு தடுமாற்றம் இருந்தது. பழைய பதிவேட்டைத்தானே பார்க்கிறோம், இதற்கு எதற்கு அனுமதி என்று நினைப்பவர்கள் உண்டு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐசிஎம்ஆரின் 2017 வழிகாட்டுதலின்படி, விலக்கு தரலாமா, நோயாளியின் ஒப்புதல் இல்லாமல் பதிவைப் பயன்படுத்தலாமா என்பதைக் குழுதான் முடிவு செய்ய வேண்டும், ஆய்வு செய்பவரே முடிவு செய்துகொள்ளக்கூடாது. எங்கள் குழு பதிவேட்டை ஆராய அனுமதி கொடுத்தது. வீடு தேடிப் போவதற்குத் தனியாக வாய்மொழி ஒப்புதல் படிவம் கேட்டது. ஊரின் பெயரை எழுதக்கூடாது என்றும் சொன்னது. சின்ன ஊரில் "இறந்த 3 பேர்" என்றாலே யார் யார் என்று தெரிந்துவிடும்.

கடைசியாக அனுப்பிய ஆங்கிலச் சுருக்கத்தின் முடிவுகள் பகுதி தமிழில் இப்படி இருக்கும்:

"பதிவு செய்யப்பட்ட 120 பேரில் ஓராண்டு முடிவில் 72 பேர் (60%) எங்களுடன் தொடர்பில் இருந்தனர், இவர்களில் 12 பேருக்குக் குடும்பத்தார் மட்டுமே வந்தனர். தொடர்பில் இல்லாத 48 பேரைத் தேடியதில் 14 பேர் அரசு மருத்துவமனையில் சிகிச்சையில் இருந்தனர், 12 பேர் மருந்தை நிறுத்தியிருந்தனர், 9 பேர் இடம்பெயர்ந்திருந்தனர், 3 பேர் இறந்திருந்தனர், 10 பேரைக் கண்டறிய முடியவில்லை. சிஜிஐ மதிப்பிடப்பட்ட 60 பேரில் 45 பேருக்கு (75%) முன்னேற்றம். மதிப்பிடப்படாதவர்களுக்கு முன்னேற்றம் இல்லை எனக் கொண்டால் 38%. மதிப்பிடப்படாதவர்கள் தொடக்கத்தில் அதிகத் தீவிரத்துடன் இருந்தனர்."

முடிவுரை இரண்டே வரி. கலப்பு முறையில் ஓராண்டுக்குப் பிறகும் 72 சதவீதத்தினர் எங்காவது சிகிச்சையில் இருந்தனர் என்பது ஒன்று. விடுபட்டவர்களைத் தேடாமல் கணக்கிடும் முன்னேற்ற விகிதம் மிகையாக இருக்கக்கூடும் என்பது மற்றொன்று. ஆங்கிலத்தில் மொத்தம் 247 சொல். வாய்மொழி உரைக்கு எடுக்கவில்லை, போஸ்டருக்கு எடுத்தார்கள். போஸ்டர் முன்னால் நின்றவர்களில் பாதிப் பேர் அந்த 38-ஐத்தான் விரலால் தொட்டுக் காட்டிப் பேசினார்கள். "எங்கள் கிளினிக்கிலும் இப்படிப் பார்க்க வேண்டும்" என்று ஒரு பெண் மருத்துவர் பட்டியலைப் போனில் படம் எடுத்துக்கொண்டார்.

மருந்தை நிறுத்திய 12 பேரில் ஏழு பேர் தேடிப் போனதாலேயே திரும்பி வந்துவிட்டார்கள். அது ஆய்வின் முடிவில் சேராது, ஏனென்றால் கணக்கை முடிக்கும் தேதி முன்னாலேயே குறிக்கப்பட்டது. அந்தத் தேதிக்குப் பிறகு வந்தவர்களைச் சேர்க்க ஆரம்பித்தால் எங்கே நிறுத்துவது? அக்காவுக்கு இதில் வருத்தம்தான். "அவங்க வந்துட்டாங்கள்ல மேடம், அதையும் எழுதுங்களேன்" என்று இரண்டு முறை கேட்டார். போஸ்டரில் எழுத முடியவில்லை, இங்கே எழுதிவிட்டேன்.

இந்த வருடம் பதிவேட்டைப் புதிதாக அச்சடித்தபோது டிக் போடும் கட்டத்துக்குப் பக்கத்தில் "வந்தவர் யார்" என்று ஒரு பத்தி சேர்த்தோம். பென்சிலுக்கு வேலை இல்லாமல், பேனாவிலேயே எழுதலாம். இரண்டு வாரத்துக்கு முன்னால், ஐந்து மாதம் அம்மாவை மட்டும் அனுப்பிய அந்தப் பையன் கிளினிக் வாசல்வரை வந்தான். உள்ளே வரவில்லை. கேமராவை அக்கா ஜன்னல் பக்கம் திருப்பலாமா என்று அவனிடமே கேட்டார். வேண்டாம் என்றான். படத்தை அணைத்துவிட்டு, குரல் மட்டும் வைத்து நான்கு நிமிடம் பேசினோம். "வந்தவர் யார்" என்ற பத்தியில் அக்கா என்ன எழுதுவது என்று கேட்டார். "அவரே, வாசல்வரை, குரல் மட்டும்" என்று எழுதச் சொன்னேன். சிஜிஐ கட்டத்தைக் காலியாக விட்டோம்.